ஸ்பினல் படத்தில் 4.07 ஆங்ஸ்ட்ரோமில் ஒரு புள்ளி: அட்டையில் இல்லை, படத்தில் இருக்கு

நோர்வூட்_மழை · 2024 ஜூன் 8, இரவு 9.40

மூணு நாளா இதே டிஃப்ரக்ஷன் படத்தோட மல்லுக்கட்டுறேன்.

மாத்தளைப் பக்கத்துச் சலவைக்கல்லில் இருந்து பொறுக்கின ஸ்பினல், MgAl2O4. அகேட் உரலில் அரைச்சு, எத்தனோலில் கலக்கி, ஓட்டைக் கார்பன் படலம் போட்ட செப்பு கிரிட்டில் ஒரு சொட்டு. இலத்திரன் நுணுக்குக்காட்டி நம்ம கிட்ட இல்லை. வெளியே ஒரு மணி நேரம் கிடைச்சுது, 200 kV. ஒரு பளிங்குத் துண்டைச் சாய்ச்சுச் சாய்ச்சு, புள்ளிகள் எல்லாம் ஒழுங்கா வரிசையில் நிக்கிற நிலைக்குக் கொண்டு வந்து, செலக்டட் ஏரியா அபேச்சர் போட்டு எடுத்த படம். எக்ஸ்ரே நிறமாலையில் Mg, Al, O மட்டும்தான். Cu கிரிட்டோடது. சிலிக்கன் இல்லை, அதனால ஃபோஸ்டரைட் இல்லைன்னு எடுத்துக்கிட்டேன்.

மையத்துக்கு ஆகப் பக்கத்தில் ரெண்டு புள்ளி, A, B. ரெண்டும் 2.13 1/nm தூரம். நடுவில் கோணம் 109.5 பாகை. 2.13-ஐத் தலைகீழாக்கினா d = 4.69 Å. ஸ்பினலோட எக்ஸ்ரே அட்டையில் 111 கோடு 4.67. சரி, ரெண்டும் 111 வகை. A-க்கு (1,1,1), B-க்கு (1,-1,1) போட்டேன். குறுக்குப் பெருக்கல் செஞ்சா [1,0,-1]. ஸோன் அச்சு கிடைச்சுட்டுதுன்னு சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் கூட்டிப் பார்த்தேன். A + B = (2,0,2). அது 220 வகை, d 2.86 வரணும். படத்தில் A-யும் B-யும் சேர்ந்து போய் நிக்கிற இடத்தில் இருக்கிற புள்ளி (C-ன்னு வைங்க) 2.46 1/nm. அதாவது 4.07 Å. அட்டையில் 4.67-க்கு அடுத்தது நேரா 2.86. நடுவில் ஒண்ணுமே இல்லை. அப்போ இது ஸ்பினலே இல்லையா?

---

பதுளை_பாலம் · ஜூன் 8, இரவு 10.15

அக்கா, கோணத்தை மறுபக்கம் அளந்துட்டீங்க. (1,1,1)-க்கும் (1,-1,1)-க்கும் cos = 1/3, அதாவது 70.5. 109.5 இல்லை. 180-இல் இருந்து கழிச்சுப் போடுங்க, முடிஞ்சுது. ஸோன் [110] குடும்பம்தான், அதில் மாற்றம் இல்லை. C பக்கத்துத் துண்டில் இருந்து வந்த புள்ளியா இருக்கும், விட்டுடுங்க.

---

நோர்வூட்_மழை · ஜூன் 8, இரவு 11.05

B-க்குப் பதிலா நேர் எதிரில் இருக்கிற -B-ஐ எடுத்தேன். இப்போ A-க்கும் அதுக்கும் 70.5. கூட்டினா வர்ற புள்ளி தூரத்தில், 3.48 1/nm, d 2.87. அது 220. அது அட்டையில் இருக்கு. இதுவரை பாலம் தம்பி சொன்னது சரி.

ஆனா C எங்கேயும் போகலை. அது பக்கத்துத் துண்டோடதுன்னா A-யும் B-யும் கூட்டின இடத்தில் அச்சொட்டா வந்து உக்காருமா? அதுவும் ரெண்டு பக்கமும், எல்லா வரிசையிலும்?

---

மாத்தளைக்_கல் · ஜூன் 9, காலை 6.50

தலைப்பில் ஸ்பினல்னு பார்த்து வந்தேன். பளிங்குன்னு எழுதுறீங்க, கல்லு சலவைக்கல்லுன்னும் எழுதுறீங்க, எது எதுன்னு எனக்குக் குழம்புது. கேள்வி இதுதானே, கல்லு அசலா செய்ததா? அதுக்கு ஏன் இவ்வளவு பெரிய மெஷின். ரிஃப்ரக்டோமீட்டரில் வைங்க. 1.718 பக்கம் காட்டினா அனேகமா இயற்கை, 1.728 காட்டினா தீயில் உருக்கி வளர்த்தது. எங்க கடையில் ரெண்டு நிமிஷ வேலை.

---

நோர்வூட்_மழை · ஜூன் 9, காலை 7.20

இல்லை அண்ணே, அசலான்னு கேட்கலை, கல்லை நானே பாறையில் இருந்து எடுத்தது. பளிங்குன்னா நாங்க பாடத்தில் படிச்ச பளிங்கு, இந்தியாவில் படிகம்பாங்க. உங்க பளிங்கு இல்லை.

---

பழைய_ஃபிலிம் · ஜூன் 9, காலை 10.30

மகள், படத்தை விட்டுடாதீங்க. அந்த C-தான் இதில் சுவாரசியம்.

முதலில் குறியீட்டை ஒழுங்கு பண்ணுவோம். நீங்க செஞ்ச பிழை எல்லாரும் செய்றது. ஒரு புள்ளி 111 வகைன்னு தூரம் சொல்லும். அந்த வகையில் எட்டு இருக்கு, அதில் எதுன்னு தூரம் சொல்லாது. முதல் புள்ளிக்கு நீங்க விரும்பினதைப் போடலாம், க்யூபிக்கில் அந்தச் சுதந்திரம் உண்டு. ரெண்டாவது புள்ளிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. முதலாவதோட சேர்ந்து அளந்த கோணத்தைத் தரணும். அதுக்கு மேல மூணாவது புள்ளி கூட்டலில் வரணும், அதோட தூரமும் ஒத்துப் போகணும். நீங்க கூட்டிப் பார்த்ததால்தான் பிழை தெரிஞ்சுது. நிறையப் பேர் குறுக்குப் பெருக்கலோட நிறுத்திடுவாங்க. உங்களுக்கு அதுவும் [110] குடும்பத்தையே தந்ததால, கூட்டாம விட்டிருந்தா சந்தேகமே வந்திருக்காது.

109.5 வேணும்னா A = (1,-1,1), B = (-1,1,1) போடுங்க. புள்ளிப் பெருக்கல் -1, கீழே 3, cos = -1/3, கோணம் 109.5. கூட்டினா C = (0,0,2). இப்போ C எவ்வளவு தூரத்தில் இருக்கணும்? 200-க்கும் 111-க்கும் உள்ள விகிதம் √(4/3), 1.155. உங்க அளவு 2.46/2.13, அதுவும் 1.155. செங்குத்தா நிக்கிற (2,-2,0)-க்கு √(8/3), 1.633. உங்க 3.48/2.13 = 1.634. A-ல இருந்து C-க்குக் கோணம் 54.7 இருக்கணும், அளந்து பாருங்க.

இவ்வளவு அச்சொட்டா உக்கார்ற புள்ளி வேற துண்டில் இருந்து வந்திருக்காது. C உங்க பளிங்கோட சொந்தப் புள்ளிதான். ஆனா அது ஸ்பினலில் வரக் கூடாத புள்ளி. ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதுறேன்.

---

நோர்வூட்_மழை · ஜூன் 9, மதியம் 12.10

54.6 வருது சேர்.

ஸோனையும் திரும்பக் கணக்குப் போட்டேன். கையில் போட்டா குறி மாறிடுது, அதனால இப்படி:

```
import numpy as np
np.cross([0,0,2],[1,-1,1])   # [2 2 0]
np.cross([1,-1,1],[0,0,2])   # [-2 -2 0]
```

[110]. வரிசையை மாத்தினா குறி மாறுது, அதனால ஒண்ணும் கெடாதுன்னு நினைக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். மூணு புள்ளியில் இருந்தும் a கணக்குப் போட்டா 8.13 Å. ஸ்பினலுக்கு 8.083. மூணுமே ஒரே அளவு கூடி நிக்குது.

---

பழைய_ஃபிலிம் · ஜூன் 9, பிற்பகல் 3.00

மூணுமே ஒரே அளவு கூடினா அது பளிங்கோட குணம் இல்லை, படத்தில் போட்டிருக்கிற அளவுகோட்டோட குணம். 0.6 சதவீதம். செலக்டட் ஏரியாவில் ஒரு சதவீதத்துக்குள்ள வந்தா நாங்க கையெழுத்துப் போட்டுடுவோம். மாதிரி சரியான உயரத்தில் இல்லாம, ஒப்ஜெக்டிவ் கரண்டை மாத்திக் குவிச்சு எடுத்தா கமரா நீளம் இந்த அளவுக்கு நகரும். அதனாலதான் விகிதத்தையும் கோணத்தையும் முதலில் பார்க்கச் சொல்றது, அவை அளவுகோட்டைக் கேட்காது. அடுத்த முறை அதே கமரா நீளத்தில் தங்கப் படலத்தோட வளையத்தையும் ஒரு படம் எடுங்க. தங்கத்தோட 111 வளையம் 2.355 Å.

நீங்க மையத்தில் இருந்து அளந்தீங்களா? மையம் எரிஞ்சு வெள்ளையா ஊதி இருக்கும், அதோட நடுவை யாராலயும் சரியா குறிக்க முடியாது. ஒரு வரிசையில் இந்தப் பக்கம் மூணாவது புள்ளியில் இருந்து அந்தப் பக்கம் மூணாவது வரைக்கும் அளந்து ஆறால் வகுங்க. நான் ஃபிலிமில் கண்ணாடி ஸ்கேல் வச்சு அப்படித்தான் செஞ்சேன்.

இப்போ C. ஸ்பினலோட சமச்சீர் Fd-3m. அதில் இருக்கிற d வழுக்குத் தளத்தால 200 வகைக்குச் சிதறல் பூச்சியம். எக்ஸ்ரே அட்டையில் இல்லாதது அதனாலதான். ஆனா இலத்திரன் அணுவோட ரொம்பப் பலமா மோதும். A-க்குத் திரும்பின கற்றை பளிங்குக்கு உள்ளேயே இன்னும் பாதி வழியில் இருக்கும்போது, அதுவே ஒரு புது உள்வரும் கற்றை மாதிரி வேலை செய்யும். அது B-யால இன்னொரு தரம் திரும்பும். A + B = (0,0,2). வெளியே வரும்போது C-யோட இடத்தில் வந்து விழும். A-யும் B-யும் அனுமதிக்கப்பட்டவை, பலமானவை. அவை ரெண்டும் ஒரே படத்தில் இருக்கிற வரைக்கும் C-ஐத் தடுக்க முடியாது. துண்டு தடிப்பா இருந்தா இன்னும் பிரகாசமா வரும்.

சிலிக்கனோட [110] படம் பார்த்திருப்பீங்க. அதே கதை அங்கேயும்.

---

பதுளை_பாலம் · ஜூன் 9, மாலை 5.45

ஓஹோ. அப்போ இரட்டை டிஃப்ரக்ஷனில் எந்தப் புள்ளியும் எங்கேயும் வரலாம். தடை செய்யப்பட்ட புள்ளிப் பட்டியலை இந்த மெஷினில் நம்பவே கூடாதுன்னு ஆச்சே.

---

பழைய_ஃபிலிம் · ஜூன் 9, இரவு 8.20

அவசரம் தம்பி. ரெண்டு அனுமதிக்கப்பட்ட புள்ளியைக் கூட்டி எது வருமோ அது மட்டும்தான் வரும்.

சாதாரண முக மையக் க்யூபிக்கை எடுங்க, செம்பு மாதிரி. எல்லாம் ஒற்றை, இல்லை எல்லாம் இரட்டை. அப்படிப்பட்ட ரெண்டைக் கூட்டினா திரும்பவும் அப்படிப்பட்டதுதான் வரும். (1,0,0) ஒரு நாளும் வராது. செம்பில் இரட்டை டிஃப்ரக்ஷன் புதுப் புள்ளி எதையும் உண்டாக்காது.

ஸ்பினலில் கூட [001]-இல் பாருங்க. அந்தப் படத்தில் இருக்கிறது (2,2,0), (2,-2,0), (4,0,0). எப்படிக் கூட்டினாலும் (2,0,0) வராது. மகளோட துண்டை [001]-இல் வச்சு அங்கேயும் 200 இருந்தா, அப்போ நான் சொன்னது பிழை. வேற கதை பேச வேண்டி வரும்.

அந்த வேற கதை சும்மா சொல்றது இல்லை. ஸ்பினலில் இந்த 200 புள்ளிகளை வச்சு 1970களில் பெரிய சண்டையே நடந்துது. சமச்சீர் Fd-3m இல்லை, F-43m-ன்னு ஒரு கட்சி. எல்லாம் இரட்டை டிஃப்ரக்ஷன்னு இன்னொரு கட்சி.

---

பண்டாரவளை_லேத் · ஜூன் 10, காலை 9.05

இது எனக்கும் நடந்தது, வேற மாதிரி. உருக்குத் துண்டு. சதுரமா, 90 பாகையில் நாலு புள்ளி. முக மையம் [001], ஒஸ்டெனைட்னு எழுதிக் கொடுத்துட்டேன். விகிதம் 1, கோணம் 90, வேற என்ன வேணும்னு நினைச்சேன். பொருள் மைய க்யூபிக்கிலும் [001] சதுரம்தான், அங்கே பக்கத்துப் புள்ளி 110. விகிதம் ரெண்டையும் பிரிக்காது. d-ஐப் பார்த்தா 2.03 Å. ஃபெரைட்டோட 110. ஒஸ்டெனைட்டோட 200-ன்னா 1.80 பக்கம் வந்திருக்கணும். பதினொரு சதவீதம் வித்தியாசம், அளவுகோடு எவ்வளவு மோசமா இருந்தாலும் அவ்வளவு போகாது. விகிதம் மட்டும் போதும்னு சேர் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க.

(பொருள் மையம் இல்லை, உடல் மையம். பழக்க தோஷம், கடையில் பொருள் பொருள்னே சொல்லிச் சொல்லி.)

---

பழைய_ஃபிலிம் · ஜூன் 10, காலை 9.40

சரியான திருத்தம். விகிதமும் கோணமும் முதலில், d கடைசியில் தீர்ப்புக்கு.

---

நோர்வூட்_மழை · ஜூன் 10, இரவு 10.00

29-ஆம் திகதி திரும்ப ஒரு மணி நேரம் கிடைச்சிருக்கு. [110]-இல் இருந்து [001]-க்குப் போகணும்னா 90 பாகை. [100]-க்குன்னா 45, அதுவும் அதே வகைதான். ஹோல்டர் 25 வரைக்கும்தான் சாயும். என்ன செய்யலாம் சேர்?

---

பழைய_ஃபிலிம் · ஜூன் 11, காலை 6.30

C இருக்கிற வரிசையை அச்சா வச்சுச் சாயுங்க. (0,0,2), (0,0,4) வரிசை அப்படியே நிக்கும், A-யும் B-யும் மெல்ல மெல்ல அணையும். வழி அடைஞ்சா C-யும் அணையணும். சொந்தக் காலில் நிக்கிற புள்ளின்னா அணையாது. அப்படியே இன்னும் போனா 18.4 பாகையில் [210] வரும். எந்தப் பக்கம் சாய்ச்சாலும் சரி, அந்தப் பக்கம் போனா [120], அதுவும் 18.4.

[210]-இல் எதிர்பார்க்க வேண்டியது (0,0,4)-உம் (2,-4,2)-உம். விகிதம் √(24/16), 1.225. நடுவில் கோணம் 65.9. அங்கே ரெண்டு இடம் காலியா இருக்கணும்: (0,0,2), (2,-4,0). இருக்கிற பலமான புள்ளிகளை எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் இந்த ரெண்டும் வராது. பேப்பரில் புள்ளி குத்திப் பாருங்க, தெரியும்.

---

நோர்வூட்_மழை · ஜூன் 30, மாலை 4.15

நேத்து போயிட்டு வந்தேன். ஹட்டனில் இருந்து கிளம்பும்போதே மழை, திரும்பும்போதும் மழை. ஒரு மணி நேரத்தில் இருபது நிமிஷம் அதே துண்டைத் தேடுறதிலேயே போச்சு. கிரிட்டில் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி.

C வரிசையை அச்சுக்கு நேரா வைக்க ரெண்டு சாய்வையும் சேர்த்து ஆட்ட வேண்டி இருந்துது. 3 பாகையிலேயே A, B ரெண்டும் மங்கிப் போச்சு. C-யும் அவையோடவே மங்கிச்சு. (0,0,4) அப்படியே பளிச்சுன்னு நின்னுது. திரையில் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வந்துட்டுது.

அப்புறம் [210]. சாய்வுமானியில் கணக்குப் போட்டா 18 பாகையும் கொஞ்சமும். 4.92, 6.02 1/nm. விகிதம் 1.224. கோணம் 66. அளவுகோடு அதே 0.6 சதவீதம் பிழையோடதான் இருக்கு. (2,-4,0) இடம் காலி.

ஆனா (0,0,2) இடத்தில், நீண்ட நேரம் எக்ஸ்போஷர் கொடுத்த படத்தில், ஏதோ ஒண்ணு இருக்கு. புள்ளின்னு சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. குறைஞ்ச எக்ஸ்போஷரில் தெரியலை.

---

பதுளை_பாலம் · ஜூன் 30, மாலை 4.40

F-43m! நான் அப்பவே நினைச்சேன்.

---

பழைய_ஃபிலிம் · ஜூன் 30, இரவு 7.30

F-43m-ன்னா (2,-4,0)-க்கும் தடை இல்லை தம்பி. அது காலியா இருக்கே. ஒண்ணு வந்து ஒண்ணு வரலைன்னா, சமச்சீரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வேற ரெண்டு மூணு விஷயம் பார்க்கணும். (0,0,2) மையத்துக்கு ஆகப் பக்கத்தில் இருக்கிற இடம். நீண்ட எக்ஸ்போஷரில் மையத்தோட ஊதல் அங்கே வரைக்கும் வரும். துண்டு தடிப்பா இருந்தா இந்தத் தளத்துக்கு வெளியே, மேல் அடுக்கில் இருக்கிற புள்ளிகள் வழியாவும் கொஞ்சம் ஒளி அங்கே விழலாம். நான் கூட்டிப் பார்க்கச் சொன்னது இந்த ஒரு தளத்துக்குள்ள மட்டும்தான், அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்.

அதே நேரம் F-43m-இல் (2,-4,0) ரொம்ப மெலிசா இருந்து உங்க கண்ணுக்குத் தப்பியும் இருக்கலாம். அதனால நான் Fd-3m பக்கம் சாயுறேன், கையெழுத்துப் போடலை.

---

நோர்வூட்_மழை · ஜூன் 30, இரவு 9.00

அறிக்கையில் ஸோன் [110], [210], ஸ்பினல், 002 இரட்டை டிஃப்ரக்ஷன்னு எழுதுறேன். சமச்சீர் பத்தி ஒரு வரியும் எழுதப் போறதில்லை.

[001] பக்கத்தில் படுத்திருக்கிற மெல்லிய துண்டு ஒண்ணு கிரிட்டில் கிடைக்கணும். ஸ்பினல் தளம் தளமா உடையாது, துண்டுகள் இஷ்டத்துக்கு விழுந்து கிடக்கு. அதிர்ஷ்டம்தான்.

தங்கப் படலத்தை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன் சேர். திட்டாதீங்க.

---

மாத்தளைக்_கல் · ஜூலை 1, காலை 7.10

தங்கம் வேணும்னா சொல்லுங்க தங்கச்சி, பக்கத்துக் கடை நம்ம ஆள்தான். எவ்வளவு வேணும்?

---

நோர்வூட்_மழை · ஜூலை 1, காலை 7.35

இருபது நானோமீட்டர் தடிப்பு அண்ணே.